பழைய பாடப்புத்தகம் வாங்கி ஆண்டு முடிவில் விற்றால், கடைசியில் கையை விட்டுப் போவது எவ்வளவு?

கணக்கம்மா:
தம்பி கல்லூரியில் முதலாண்டு சேர்கிறான். ஆண்டு முழுவதற்குமான புத்தகப் பட்டியல் கைக்கு வந்துவிட்டது. எல்லாவற்றையும் புதிதாக வாங்குவதா, பழையதாக வாங்கி ஆண்டு முடிவில் விற்றுவிடுவதா என்று வீட்டில் பேச்சு. ஊருக்கு ஊர் விலையும் நாணயமும் வேறு என்பதால், எல்லாம் புதிதாக வாங்கினால் ஆகும் தொகையை 1000 என்று வைத்துக்கொண்டு மற்றதை அந்தக் கணக்கிலேயே எழுதுகிறேன்.

கணிதம்: புதிது 240, பழையது 150
இயற்பியல்: புதிது 200, பழையது 120
நிரலாக்கம்: புதிது 160, பழையது 90
பொருளியல்: புதிது 180 (இணையப் பயிற்சிக்கான நுழைவுக் குறியீடும் உள்ளே உண்டு), பழையது 70
ஆய்வகப் பயிற்சி ஏடு: புதிது 60, பழையது கிடைக்காது
அட்டவணைக் கையேடு: புதிது 160, பழையது 120

கூட்டிப் பார்த்தால் பழையது 610 வருகிறது. தோழி ஒருத்தி, "வித்துட்டா மொத்தச் செலவு மூணுல ஒரு பங்குகூட வராது" என்கிறாள். உண்மையா? விற்றுப் பழகியவர்கள் சொல்லுங்கள்.

கடைசிபெஞ்சு:
இதில் யோசிக்க என்ன இருக்கிறது அக்கா? பாதி விலைக்கு வாங்கி பாதி விலைக்கு விற்றால் செலவு பூஜ்யம். நான் படித்த காலம் முழுக்க இப்படித்தான். புதுப் புத்தகம் வாங்குகிறவர்கள் மணத்துக்குக் காசு கொடுக்கிறார்கள், அவ்வளவுதான்.

பழம்புத்தகன்:
பழைய பாடப்புத்தகம் வாங்கி விற்கும் கடையில் பல வருடம் உட்கார்ந்தவன் நான். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

கடைசிபெஞ்சு சொல்வது ஒரு சூழ்நிலையில் சரி, அதற்கு அப்புறம் வருகிறேன். கடை வழியாகவோ தளம் வழியாகவோ போனால் அது நடக்காது. ஒரு புத்தகத்துக்குப் பழைய விலை என்று ஒரே விலை கிடையாது, இரண்டு விலை உண்டு. கடைக்காரர் உங்களிடம் வாங்கும் விலை ஒன்று, அடுத்தவருக்கு விற்கும் விலை இன்னொன்று. கடை வாடகையும், விற்காமல் தங்கிப்போகும் புத்தகங்களின் நஷ்டமும் அந்த இடைவெளியில்தான் அடங்குகின்றன. நீங்கள் வாங்கும்போது மேல் விலையில் வாங்குவீர்கள், விற்கும்போது கீழ் விலையில் விற்பீர்கள்.

அக்கா, உங்கள் பட்டியலில் முதலில் ஒன்றைத் திருத்த வேண்டும். பொருளியல் பழையது 70 என்றிருக்கிறதே, அதில் குறியீடு இருக்காது, இருந்தாலும் முதல் ஆள் பயன்படுத்தியிருப்பார். ஒருமுறை பதிவு செய்த குறியீடு இரண்டாவது ஆளுக்கு வேலை செய்யாது. பாடத்தில் அந்த இணையப் பயிற்சிக்கு மதிப்பெண் உண்டென்றால் குறியீட்டைத் தனியாக வாங்க வேண்டும். அதன் விலை என்னவென்று பார்த்துச் சொல்லுங்கள். பயிற்சி ஏடு எப்படியும் புதிதுதான், அதை விட்டுவிட்டுக் கூட்டியிருக்கிறீர்களா?

கணக்கம்மா:
பயிற்சி ஏட்டின் 60 சேர்ந்துதான் 610. குறியீட்டை இப்போதுதான் பார்த்தேன், தனியாக வாங்கினால் 90. ஆக பொருளியல் பழையது 70 இல்லை, 160. புதிதுக்கும் அதற்கும் 20தான் வித்தியாசம்! மொத்தம் 700 ஆகிறது. தபால் செலவுக்கு ஒரு 30 போட்டால் 730.

நிலாமுற்றம்:
எதற்கு இவ்வளவு சிரமம்? புத்தகத்தையெல்லாம் நூலகத்தில் எடுத்துக்கொள்ளலாமே. இல்லாவிட்டால் மின்னூலாக வாங்கினால் தூக்கவும் வேண்டாம், விற்கவும் வேண்டாம்.

பழம்புத்தகன்:
நூலகம் நல்ல வழிதான், ஆனால் அவர் கேட்டது வாங்கி விற்கும் கணக்கு. மின்னூலைப் பற்றி ஒன்றே ஒன்று: விலை குறைவாகத் தெரியும், ஆனால் அதைத் திரும்ப விற்க முடியாது. உங்களுக்குக் கிடைப்பது படிக்கும் உரிமை மட்டும். புதிது 100 என்றால் மின்னூல் 60க்குக் கிடைக்கிறது என்று வையுங்கள். அந்த 60 முழுவதும் போனதுதான். பழைய காகிதப் புத்தகம் 65க்கு வாங்கி 45க்கு விற்றவருக்குப் போனது 20.

சரி, அக்காவின் கணக்குக்கு வருவோம். ஆண்டு முடிவில் எந்தப் புத்தகம் என்ன விலைக்குப் போகும் என்று தெரியாமல் எதுவும் சொல்ல முடியாது. அதற்கு ஒவ்வொன்றுக்கும் இரண்டு கேள்வி. இப்போதைய பதிப்பு வந்து எத்தனை வருடம் ஆகிறது? அடுத்த வருடமும் அதே பாடத்துக்கு அதே புத்தகம்தானா? பெரிய பாடப்புத்தகங்களுக்கு மூன்று நான்கு வருடத்துக்கு ஒருமுறை புதுப் பதிப்பு வருவது வழக்கம். நிரலாக்கம், வரி, சட்டம் மாதிரி விஷயங்களுக்கு இன்னும் சீக்கிரம். பதிப்பு ஆண்டு, தலைப்புப் பக்கத்துக்குப் பின்புறம் பொடி எழுத்தில் இருக்கும். பார்த்துச் சொல்லுங்கள்.

கணக்கம்மா:
கணிதமும் இயற்பியலும் போன வருடப் பதிப்பு. பொருளியல் இரண்டு வருடம். கையேடு மிகப் பழைய பதிப்பு, இன்னும் அதுவே ஓடுகிறது. நிரலாக்கம் மட்டும் நான்கு வருடம் ஆகிவிட்டது, புதிது வரப்போவதாகப் பதிப்பகத்தின் பக்கத்தில் அறிவிப்பே இருக்கிறது.

பழம்புத்தகன்:
அப்போ இப்படி இருக்கும். ஒரு தளத்தில் போட்டு இன்னொரு மாணவருக்கு நேராக விற்பதாக வைத்துக்கொள்கிறேன். கணிதம் 120, இயற்பியல் 95, பொருளியல் 45, கையேடு 105. நிரலாக்கம் புதுப் பதிப்பு வந்த அன்றே விழுந்துவிடும், 20 கிடைத்தால் லாபம். பயிற்சி ஏட்டில் பக்கம் பக்கமாக எழுதிக் கிழித்துக் கொடுத்திருப்பான், அதற்கு ஒன்றும் கிடையாது. கூட்டினால் 385.

ஆனால் 385 கைக்கு வராது. தளத்தின் கமிஷன் 15 சதவீதம் என்றால் 58 போச்சு. தடித்த புத்தகங்கள், அனுப்பும் செலவு உங்கள் தலையில் விழுந்தால் ஒரு 35. கைக்கு வருவது 292. ஆக 730 போட்டு 292 எடுத்தால் நிகரச் செலவு 438.

தோழி சொன்ன மூன்றில் ஒரு பங்கு இல்லை, ஆனால் 1000க்குப் பாதிக்கும் கீழேதான்.

ரசீது:
இந்த 438ஐ 1000த்தோடு ஒப்பிடுவதில்தான் எனக்கு உடன்பாடில்லை. எல்லாரும் இதையேதான் செய்கிறார்கள். பழையதை வாங்கி விற்றவரையும், புதிதை வாங்கி அலமாரியில் வைத்துக்கொண்டவரையும் ஒப்பிடுகிறீர்கள். புதிது வாங்கியவருக்கு விற்கக் கை இல்லையா? அவரும் அதே ஆண்டு முடிவில் அதே தளத்தில் போடலாமே. அவருடைய புத்தகம் ஒரே கை பட்டது, பார்க்கவும் நன்றாக இருக்கும், கொஞ்சம் கூடவே கிடைக்கும்.

பழம்புத்தகன் விலையை வைத்தே போடுகிறேன். கணிதம் 140, இயற்பியல் 110, நிரலாக்கம் 25, பொருளியல் 50, கையேடு 110. மொத்தம் 435. கமிஷன் 65, அனுப்பும் செலவு 35 கழித்தால் 335. ஆயிரம் போட்டு 335 எடுத்தால் நிகரச் செலவு 665.

இப்போது பாருங்கள். புதிது வாங்கி வைத்துக்கொண்டால் 1000. புதிது வாங்கி விற்றால் 665. பழையது வாங்கி விற்றால் 438. மொத்தச் சேமிப்பு 562 என்று சொல்கிறோமே, அதில் 335 விற்றதால் வந்தது. பழையதாக வாங்கியதால் வந்தது மிச்சமுள்ள 227 மட்டும்தான்.

கடைசிபெஞ்சு:
227 ஒன்றும் சின்னத் தொகை இல்லையே?

ரசீது:
சின்னத் தொகை என்று நான் சொல்லவில்லை. எந்த வேலை எவ்வளவு தருகிறது என்று தெரிந்தால்தானே எதில் மெனக்கெடுவது என்று முடிவு செய்ய முடியும். மலிவாக ஒரு பிரதி தேடி நாலு இடம் அலைபவர், ஆண்டு முடிவில் "யார் விற்றுக்கொண்டிருப்பது" என்று மூட்டை கட்டிப் பரணில் போட்டுவிடுகிறார். அவருக்கு ஆனது 730. புதிது வாங்கி விற்றவரைவிட அவர்தான் அதிகம் செலவழித்தவர்.

பழம்புத்தகன்:
இது நியாயமான கேள்வி. கடையில் இருந்தபோது கண்ணால் பார்த்ததுதான். வாங்க வரும் கூட்டத்தில் பாதிகூட விற்கத் திரும்பி வராது.

ஆனால் ரசீது, உங்கள் கணக்கிலும் ஒன்று விட்டுப்போயிருக்கிறது. எல்லாப் புத்தகமும் விற்றுவிடும் என்று வைத்துப் போட்டிருக்கிறீர்கள். ஏதாவது ஒன்று தேங்கினால்? கணிதம் தேங்கினால் பழையது வாங்கியவருக்கு 150 நஷ்டம், புதிது வாங்கியவருக்கு 240. பழையதாக வாங்குவதில் நான் பெரிதாக மதிப்பது இதைத்தான். விலை விழ வேண்டிய பெரும்பங்கு முதல் ஆளின் கையிலேயே விழுந்து முடிந்திருக்கும். இரண்டாவது ஆள் பந்தயத்தில் வைக்கும் பணம் குறைவு.

மஞ்சள்கோடு:
நான் அப்படி மாட்டியவள். வேதியியல் புத்தகம் புதிதாக வாங்கினேன், அடுத்த வருடம் விற்கலாம் என்று வைத்திருந்தேன். விடுமுறையில் புதுப் பதிப்பு வந்துவிட்டது. கடையில் கொண்டுபோய் வைத்தால் அட்டையைப் பார்த்துவிட்டு, கையில்கூட எடுக்காமல் தலையை ஆட்டினார்கள். உள்ளே பெரிதாக எதுவும் மாறவில்லை, அட்டைப் படமும் கணக்குகளின் வரிசையும்தான் வேறு. போதாததற்கு நான் மஞ்சள் பேனாவால் பாதிப் புத்தகத்தைப் பூசி வைத்திருந்தேன். இப்போது மேசையின் ஆடும் காலுக்கு முட்டுக் கொடுக்கிறது.

கடைசிபெஞ்சு:
அதுக்காவது விலை உண்டா?

மஞ்சள்கோடு:
கேட்டுப் பார்க்கிறேன் 😄

பழம்புத்தகன்:
மஞ்சள்கோடு சொன்னதைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள், அக்காவுக்கு உதவும். செத்த பதிப்பை விற்கிறவருக்கு நஷ்டம் என்றால், வாங்குகிறவருக்கு?

அக்காவின் நிரலாக்கப் புத்தகம் இப்போதைய பதிப்பு பழையது 90. ஆண்டு முடிவில் 20. போவது 70, அதுவும் கமிஷனுக்கு முன்னால். அதற்கு முந்தைய பதிப்பு 15, 20க்குக் கிடைக்கும். விற்கும்போது ஒன்றும் கிடைக்காது, சரி. ஆனாலும் போவது அந்த 20தான். விற்பனை மதிப்பு இல்லாத புத்தகம்தான் சில நேரம் நிகரச் செலவில் மிகக் குறைந்த புத்தகம்.

கணக்கம்மா:
ஆனால் பழைய பதிப்பில் பாடம் நடத்துவார்களா? அது சரிப்பட்டு வருமா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பழம்புத்தகன்:
பாடம் நடத்துவதில் சிக்கல் வராது, வீட்டுப்பாடத்தில்தான் வரும். ஆசிரியர் "நான்காம் அத்தியாயம், கணக்கு 12, 17, 23" என்று எழுதிப் போடுவார். பழைய பதிப்பில் 17 இருக்கும், ஆனால் அது வேறு கணக்காக இருக்கும். பையன் ஒழுங்காகச் செய்துகொண்டு போய்த் தவறான விடை என்று மதிப்பெண் இழப்பான்.

வாங்குமுன் இரண்டு பதிப்பின் பொருளடக்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பதிப்பகங்கள் பொருளடக்கத்தை இணையத்திலேயே போட்டிருக்கும். அத்தியாயங்கள் அப்படியே இருந்தால் அடுத்து, ஏதாவது இரண்டு அத்தியாயத்தின் கடைசிக் கணக்கின் எண்ணை ஒப்பிடுங்கள். ஒன்றில் 64, இன்னொன்றில் 71 என்று வந்தால் நடுவில் புதிதாகச் சேர்த்திருக்கிறார்கள், வரிசை குலைந்திருக்கும். அப்படியானால் புதுப் பதிப்பு வைத்திருக்கும் வகுப்புத் தோழனிடம் கணக்குப் பக்கங்களை மட்டும் பார்த்து எழுதிக்கொள்ள முடியுமா என்று பார்க்க வேண்டும். முடியும் என்றால் பழைய பதிப்பு போதும்.

நிரலாக்கத்தில் கூடுதலாக ஒன்று. மொழியின் பதிப்பே மாறியிருந்தால் புத்தகத்தில் உள்ள நிரல் இன்றைய கணினியில் ஓடாமல் பிழை காட்டலாம். அப்படி இருந்தால் வேண்டாம்.

நிலாமுற்றம்:
என் அண்ணன் மகள் பழைய புத்தகம் வாங்கியதில் நடுவில் சில பக்கங்களே இல்லை. தேர்வுக்கு முந்தின வாரம்தான் தெரிந்தது. அதனால்தான் நான் பழையது என்றாலே பயப்படுகிறேன்.

பழம்புத்தகன்:
அது நடக்கும். பக்கங்கள் 16 அல்லது 32 கொண்ட கட்டுகளாக மடித்துத் தைக்கப்படும் அல்லது ஒட்டப்படும். தைத்த புத்தகத்தில் ஒரு கட்டு கழன்று போனால் அத்தனை பக்கமும் சேர்ந்தே காணாமல் போகும், ஒட்டிய புத்தகத்தில் ஒன்றிரண்டு தாளாகவும் உதிரும். அதனால் ஒட்டிய புத்தகம் என்றால் மொத்தமாகப் புரட்டிப் பாருங்கள், தைத்தது என்றால் அது வேண்டியதில்லை. முதுகைக் கையில் தாங்கிக்கொண்டு புத்தகத்தை நடுவில் திறந்தால், தளர்ந்த கட்டு தானாக முன்னால் நீளும். அங்கே பக்க எண் தொடர்கிறதா என்று பாருங்கள். அப்புறம் புத்தகத்தை மூடி, ஓரத்தைப் பக்கவாட்டில் பாருங்கள். தண்ணீர் பட்டது என்றால் ஓரம் அலை அலையாக இருக்கும், மூடினாலும் கீழ் மூலை உப்பி நிற்கும். அது காய்ந்தாலும் மறையாது. பூஞ்சை வாடை வந்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள், அது பக்கத்துப் புத்தகத்துக்கும் போகும்.

கோடு போட்டிருப்பது படிக்கிறவருக்குப் பெரிய குறை இல்லை. பென்சில் கோடு என்றால் விலை பேசும்போது குறைக்கச் சொல்லி வாங்கி, அழித்துவிட்டு விற்கலாம். மஞ்சள் பேனா அழியாது.

மஞ்சள்கோடு:
எனக்குத்தான் சொல்கிறீர்கள் என்று தெரிகிறது.

ரசீது:
அக்கா, வாங்குமுன் ஐஎஸ்பிஎன் எண்ணையும் பாருங்கள். ஒரே தலைப்பு, ஒரே ஆசிரியர், ஒரே அட்டை, ஆனால் எண் வேறாக இருக்கும். கெட்டி அட்டைக்கு ஒரு எண், மெல்லிய அட்டைக்கு ஒரு எண், குறியீட்டோடு சேர்த்துக் கட்டி விற்பதற்கு இன்னொரு எண். துளையிட்ட தனித்தாள்களாக வருவது என்று ஒன்று உண்டு, கோப்பில் போட்டுக்கொள்ள வேண்டும். புதிதிலேயே மலிவாக இருக்கும், ஆனால் எத்தனை தாள் இருக்கிறது என்று எண்ணிக்கொண்டிருக்க யாருக்கும் பொறுமை இல்லாததால் பல கடைகள் திரும்ப எடுக்க மாட்டார்கள். அதை வாங்கினால் விற்பனை வருமானம் பூஜ்யம் என்றே கணக்குப் போடுங்கள்.

கணக்கம்மா:
இயற்பியல் புத்தகத்தின் எண்ணைப் பார்த்தேன். அட்டையில் கல்லூரியின் பெயரே அச்சாகியிருக்கிறது! தளங்களில் தேடினால் அந்த எண்ணே வரவில்லை. 120 என்று நான் சொன்னது பொதுப் பதிப்பின் விலை போலிருக்கிறது.

பழம்புத்தகன்:
அது அந்தக் கல்லூரிக்கென்று சில அத்தியாயங்களை எடுத்துவிட்டு, வரிசையை மாற்றி அச்சடித்தது. வெளியே யாரும் வாங்க மாட்டார்கள். அதே கல்லூரியில் அடுத்த ஆண்டு வருகிற பிள்ளைகள் மட்டும்தான் வாங்குவார்கள். அந்த ஆசிரியர் புத்தகத்தை மாற்றிவிட்டால் அவர்களும் இல்லை. ஆனால் எடுத்துவிட்டது போக உள்ளே இருப்பது பெரும்பாலும் பொதுப் பதிப்பின் பக்கங்களேதான். பொதுப் பதிப்பை 120க்கு வாங்கிப் படித்தால் வேண்டியது எல்லாம் இருக்கும், பக்க எண்ணும் அத்தியாய வரிசையும் மட்டும் மாறும். விற்கும்போது எல்லா ஊரிலும் ஆள் உண்டு. அத்தியாய வரிசைக்கு ஒரு துண்டுச் சீட்டு எழுதி அட்டைக்குள் ஒட்டிக்கொள்ளச் சொல்லுங்கள்.

கடைசிபெஞ்சு:
எல்லாரும் தளம், கமிஷன், கூரியர் என்றே பேசுகிறீர்கள். நான் பூஜ்யம் என்று சொன்னது சீனியரிடம் கையில் வாங்கி ஜூனியரிடம் கையில் கொடுப்பதை. பழம்புத்தகன் அதற்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வரவே இல்லை.

பழம்புத்தகன்:
வந்துவிட்டேன் தம்பி. அது மெய்தான், பூஜ்யம் என்பது மட்டும் மிகை.

கணிதம் கடையில் 150க்கு விற்கிறது, கடைக்காரர் 100க்கு எடுக்கிறார் என்று வைப்போம். சீனியர் 125க்குக் கொடுத்தால் அவருக்கும் 25 லாபம், உனக்கும் 25 லாபம். அடுத்த வருடம் நீயும் 125க்கே கொடுக்கலாம், கொஞ்சம் நைந்து போயிருந்தால் 115. கடையின் இடைவெளி உங்கள் இருவருக்குள் பங்காகிவிடுகிறது, கமிஷனும் இல்லை, தபாலும் இல்லை.

அக்காவின் பட்டியலை இப்படிப் போட்டால் கணிதம், இயற்பியல், பொருளியல், கையேடு நான்கிலும் தேய்மானம் புத்தகத்துக்குப் பத்துப் பத்தாக 40 போகும். குறியீடு 90, பயிற்சி ஏடு 60, நிரலாக்கத்தில் விழும் 70. எல்லாம் சேர்ந்து 260. கவனியுங்கள், இந்த 260இல் 220 கைமாற்றித் தப்பிக்க முடியாத மூன்றிலிருந்து வருகிறது: ஒருமுறைக்கு மேல் பயன்படாத குறியீடு, எழுதித் தீர்க்கும் ஏடு, சாகப்போகும் பதிப்பு. நிரலாக்கத்தில் முந்தைய பதிப்பு சரிப்பட்டால் இன்னொரு 50 குறையும்.

ரசீது:
ஒத்துக்கொள்கிறேன், இப்போது தோழி சொன்ன கணக்கு பொருந்துகிறது. ஆனால் சீனியர் யார் என்று தெரியாத முதலாண்டுப் பையனுக்கு இது கிடைக்காது. இரண்டாம் ஆண்டிலிருந்துதான்.

கடைசிபெஞ்சு:
விடுதியில் கேட்டால் போதும். தேர்வு முடிந்த அன்று வராந்தாவில் குவித்து வைத்திருப்பார்கள், நீங்கள் கேட்கும் விலைக்குக் கொடுப்பார்கள்.

பழம்புத்தகன்:
அந்த நாள் வாங்குவதற்கு நல்ல நாள், விற்பதற்கு மோசமான நாள். எல்லாரும் அன்றே விற்கிறார்கள், வாங்குகிறவர் யாரும் இல்லை. அடுத்த பருவம் தொடங்கி முதல் இரண்டு வாரத்தில்தான் விலை ஏறும்.

ரசீது:
அதை நம்பித்தான் மஞ்சள்கோடு காத்திருந்தார். விடுமுறையில் புதுப் பதிப்பு வந்தது. தேர்வு முடிந்த கையோடு கிடைத்த விலைக்குத் தள்ளுவதுதான் என் பழக்கம். 120 வர வேண்டிய இடத்தில் 90 வந்தாலும் சரி.

பழம்புத்தகன்:
பதிப்பு வந்து ஒரு வருடமே ஆன கணிதத்தை 90க்குத் தள்ளுவது எனக்கு மனசு வராது. நிரலாக்கம் மாதிரி என்றால் தேர்வுக்கு முன்னாலேயே விற்றுவிடு என்பேன்.

ரசீது:
பதிப்பகம் முன்கூட்டி அறிவிக்காத பதிப்பும் உண்டு. ஆசிரியர் மாறிப் புத்தகமே மாறுவதும் உண்டு. அதை ஆண்டு முடிவில் எப்படிக் கணிப்பீர்கள்?

பழம்புத்தகன்:
துறை அலுவலகத்தில் அடுத்த பருவப் பட்டியலைக் கேட்கலாம். சில இடங்களில் கொடுப்பார்கள், சில இடங்களில் கடைசி நாள்வரை முடிவாகாது. முடிவாகாவிட்டால் உங்கள் வழியில் போவதில் தப்பில்லை. நான் என்றால் காத்திருப்பேன்.

கணக்கம்மா:
எல்லாருக்கும் நன்றி. இப்போதைக்கு முடிவு: கணிதமும் கையேடும் பழையது, இயற்பியல் பொதுப் பதிப்பு பழையது. நிரலாக்கத்துக்கு முந்தைய பதிப்பின் பொருளடக்கத்தை இன்று இரவு ஒப்பிட்டுப் பார்க்கிறேன். பொருளியலில்தான் குழப்பம். புதிது 180, அதில் குறியீடும் உண்டு. பழையது 70, குறியீடு தனியாக 90, ஆக 160. புதிது என்றால் 50க்கு விற்கலாம், பழையது என்றால் 45க்கு. 130க்கும் 115க்கும் நடுவில் அலைவதா?

ரசீது:
தபால் செலவைச் சேர்த்தால் அந்தப் 15ல் பாதி கரைந்துவிடும். புதிதை வாங்கிவிடுங்கள், பழைய பிரதிக்காகக் காத்திருந்து முதல் வாரப் பயிற்சியைத் தவறவிட வேண்டாம்.

பழம்புத்தகன்:
அதற்கு முன்னால் அந்தக் குறியீட்டிலேயே மின்னூலும் சேர்ந்து வருகிறதா என்று பாருங்கள். பல பதிப்பகங்களில் வரும். வந்தால் காகிதப் புத்தகமே வேண்டியதில்லை, 90ஓடு முடிந்தது. 115, 130 இரண்டையும்விடக் குறைவு, விற்கிற வேலையும் மிச்சம்.

நிலாமுற்றம்:
நான் முதலிலேயே மின்னூல் என்று சொன்னேனே!

பழம்புத்தகன்:
சொன்னீர்கள் அம்மா. ஆறில் ஒன்றுக்கு.

மஞ்சள்கோடு:
கையேட்டை மட்டும் விற்காதீர்கள் அக்கா. மூன்றாம் ஆண்டில் திட்டப்பணி செய்யும்போது தம்பி தேடுவான், அப்போது திரும்பவும் 120 கொடுக்க வேண்டும்.

ரசீது:
அதைத்தான் எல்லாரும் எல்லாப் புத்தகத்துக்கும் சொல்லிக்கொண்டு பரணில் ஏற்றுகிறார்கள். 105க்கு விற்று, மூன்றாம் ஆண்டில் தேவைப்பட்டால் 120க்கு வாங்கட்டும். கமிஷனையும் சேர்த்தால் 30 போகும். தேவைப்படாவிட்டால் 90 கையில்.

மஞ்சள்கோடு:
கையேட்டின் ஓரத்தில் அவன் கைப்பட எழுதிய குறிப்பெல்லாம் போய்விடுமே. அதையும் 30க்குள் போட்டுவிட்டீர்களா?

கணக்கம்மா:
அதை அவனிடமே விட்டுவிடுகிறேன். பொருளியல் குறியீட்டைப் பற்றிப் பதிப்பகத்துக்கு எழுதிக் கேட்டிருக்கிறேன், பதில் வந்ததும் இங்கே போடுகிறேன்.